ஏற்கெனவே ஃபிட்டாக இருப்பவர் இன்னும் 3 கிலோ கொழுப்பைக் குறைப்பது ஏன் கஷ்டம்? தசை போகாமல் 'கட்டிங்' செய்வது எப்படி?

100 கிலோவில் இருந்து 90 கிலோவுக்கு இறங்குபவருக்குக் கிடைக்கும் அறிவுரையும், 70 கிலோவில் ஓரளவு வயிறு ஒட்டிய உடம்போடு இருப்பவருக்குக் கிடைக்கும் அறிவுரையும் பெரும்பாலும் ஒன்றுதான். "சாப்பாட்டைக் குறை, கார்டியோவைக் கூட்டு." முதல் நபருக்கு இது ஓரளவு வேலை செய்யும். இரண்டாவது நபருக்கு எடை குறையும், ஆனால் வயிற்றில் எதிர்பார்த்த கோடுகள் வராது. கன்னம் ஒட்டும், தோள் சுருங்கும், 80 கிலோ தூக்கியவர் 70 கிலோவுக்கே திணறுவார். "நல்லா இருந்த உடம்ப ஏன்டா இப்படி ஆக்கிட்ட?" என்று வீட்டில் கேட்பார்கள்.

காரணம், குறைந்த எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போயிருப்பதுதான். ஏற்கெனவே கொழுப்பு குறைவாக உள்ள உடம்பில் இது ஏன் சுலபமாக நடக்கிறது, அதைத் தவிர்க்க எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதை ஓர் உதாரணக் கணக்கோடு பார்க்கலாம்.

கொழுப்புக் கிடங்கு சின்னதானால் என்ன ஆகும்?

சாப்பாட்டில் தினமும் 500 கலோரி குறைத்தால், அந்த 500 கலோரியை உடம்பு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கொழுப்பிலிருந்து எடுத்தால் நல்லது. ஆனால் கொழுப்புக் கிடங்கிலிருந்து ஒரு நாளில் வெளியே எடுக்க முடிகிற ஆற்றலுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. கிடங்கு பெரிதாக இருந்தால் அந்த அளவும் பெரிது, சின்னதாக இருந்தால் சின்னது.

இதை எண்ணாகச் சொல்ல முயன்ற ஒரு கணக்கீடு 2005-ல் வெளியானது. ஆல்பர்ட் என்ற ஆய்வாளர், ஒரு கிலோ உடல் கொழுப்பிலிருந்து ஒரு நாளுக்கு அதிகபட்சம் சுமார் 69 கலோரி கிடைக்கலாம் என்று கணித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட தரவு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த புகழ்பெற்ற பட்டினி ஆய்வுடையது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், ஆன்செல் கீஸ் தலைமையில் 36 ஆண்கள் தாமாக முன்வந்து சுமார் 6 மாதம் அரைப்பட்டினி இருந்தனர். அவர்கள் குண்டான ஆட்கள் அல்ல, சாதாரண எடை கொண்ட இளைஞர்கள். அதனால்தான் ஒல்லியான உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிப் பேசும்போது அந்த ஆய்வு இன்றைக்கும் உதவுகிறது.

69 கலோரி என்பதை அட்சர சுத்தமான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் விஷயம் எந்தத் திசையில் போகிறது என்பதை அது தெளிவாகக் காட்டிவிடுகிறது.

100 கிலோ எடையில் 30 கிலோ கொழுப்பு உள்ளவருக்கு அந்த உச்ச அளவு ஒரு நாளுக்கு சுமார் 2,000 கலோரி. அவர் தினம் 800 கலோரி குறைத்தாலும் கொழுப்பே சமாளித்துவிடும். இப்போது 70 கிலோ எடையும் 14 சதவீதக் கொழுப்பும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது 9.8 கிலோ கொழுப்பு, உச்ச அளவு சுமார் 675 கலோரி. அவரே 10 சதவீதத்துக்கு இறங்கும்போது கொழுப்பு 6.7 கிலோவாகிவிடும், உச்ச அளவும் 460 கலோரிக்கு வந்துவிடும். அதாவது இறங்க இறங்க, தாங்கக்கூடிய பற்றாக்குறையும் குறைந்துகொண்டே வருகிறது. ஜிம்களில் நடப்பதோ நேர்மாறு. கடைசி ரெண்டு வாரம்தான் சாப்பாட்டை இன்னும் வெட்டுகிறார்கள்.

அப்படியென்றால் வாரத்துக்கு எவ்வளவு குறைக்கலாம்?

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. மேலே சொன்ன 70 கிலோ நபர் வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம், அதாவது 700 கிராம் குறைக்க நினைத்தால் தினமும் 770 கலோரி பற்றாக்குறை தேவை. அது அவருடைய தொடக்க நாள் உச்ச அளவையே தாண்டிவிடுகிறது. அதையே 0.5 சதவீதமாக, வாரத்துக்கு 350 கிராமாக வைத்தால் தினம் 385 கலோரிதான். தொடக்கத்திலும் சரி, 10 சதவீதத்தை நெருங்கும்போதும் சரி, அது வரம்புக்குள்ளேயே இருக்கிறது.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. நார்வேயில் விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு குழு வாரத்துக்கு சுமார் 0.7 சதவீதம் எடை குறைத்தது, இன்னொரு குழு 1.4 சதவீதம். இரண்டு குழுவும் வாரம் 4 நாள் எடைப் பயிற்சி செய்தன. கடைசியில் இரண்டு குழுவும் குறைத்த மொத்த எடை ஏறக்குறைய ஒன்றுதான், உடல் எடையில் சுமார் ஐந்தரை சதவீதம். வித்தியாசம் உள்ளே இருந்தது. மெதுவாகப் போனவர்களின் கொழுப்பு 31 சதவீதம் குறைந்தது, அதோடு கொழுப்பல்லாத எடை 2 சதவீதம் கூடியும் இருந்தது. வேகமாகப் போனவர்களின் கொழுப்பு 21 சதவீதம்தான் குறைந்தது, தசைப் பக்கம் கூடவே இல்லை.

எனவே உடம்பில் கொழுப்பு குறைவாக உள்ளவர்களுக்கு வாரத்துக்கு 0.5 சதவீதம் என்பது நல்ல தொடக்கம். வயிற்றுக் கோடுகள் தெரியத் தொடங்கிய பிறகு 0.3 அல்லது 0.4 சதவீதத்துக்கு இறங்குவது இன்னும் பாதுகாப்பு. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆரம்பித்தால் இது வேலைக்கு ஆகாது. காலண்டரைப் பார்த்து, குறைந்தது 10 வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

கொழுப்பு சதவீதத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கலாம். வீட்டில் ஏறி நிற்கும் 'ஸ்மார்ட்' எடை மெஷின் காட்டும் சதவீதத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். காலையில் தண்ணீர் குடித்ததற்கும் குடிக்காததற்குமே அது மாறும். தொப்புள் மட்டத்தில் டேப்பால் எடுக்கும் இடுப்பளவும், ஒரே வெளிச்சத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் போட்டோவும் அதைவிட நேர்மையானவை.

10 வாரக் கணக்கு: ஓர் உதாரணம்

70 கிலோ, 14 சதவீதம், ஆபீஸில் உட்கார்ந்து வேலை, வாரம் 4 நாள் ஜிம். இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம். அவருடைய கொழுப்பல்லாத எடை 60.2 கிலோ. அது அப்படியே நின்று கொழுப்பு மட்டும் 3 கிலோ போனால் 67 கிலோவில் 10 சதவீதம் வந்துவிடும். முதல் வாரம் போகும் நீரையும் சேர்த்தால் மெஷின் 66.5 அருகே காட்டும்.

முதல் வேலை, எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் சாப்பாட்டு அளவைக் கண்டுபிடிப்பது. இதைத்தான் மெயின்டெனன்ஸ் கலோரி என்கிறார்கள். இணையத்தில் உள்ள கால்குலேட்டர் சொல்வது தோராயம்தான். இரண்டு வாரம் சாப்பிடுவதை எல்லாம் எடைபோட்டு எழுதி, தினம் காலையில் கழிப்பறை போய்வந்ததும் எடை பார்த்தால் சொந்த எண்ணே கிடைத்துவிடும். நம் உதாரண நபருக்கு அது 2,500 கலோரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 385 கழித்து, சுமார் 2,100 கலோரியில் தொடங்குகிறார்.

முதல் வாரத்தின் 7 நாள் சராசரி எடை 69.1 கிலோ. ஒரே வாரத்தில் 900 கிராம்! இங்கே சந்தோஷப்படவும் கூடாது, பயப்படவும் கூடாது. மாவுச்சத்தும் உப்பும் கொஞ்சம் குறைந்ததால் போன நீர்தான் அதில் பெரும்பங்கு. கணக்கு இரண்டாவது வாரத்திலிருந்துதான் தொடங்கும். அடுத்தடுத்த வாரச் சராசரிகள் 68.8, 68.4, 68.1. மூன்று வாரத்தில் ஒரு கிலோ, அதாவது திட்டமிட்ட வேகம்தான்.

தினசரி எடையைப் பார்த்தால் இந்த ஒழுங்கு தெரியவே தெரியாது. சனிக்கிழமை இரவு பிரியாணி சாப்பிட்டால் ஞாயிறு காலை 1 கிலோ கூடக் காட்டும், அது உப்பும் நீரும்தான். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் சேர்வதால் ஒரு வாரச் சராசரியே ஏமாற்றும். அவர்கள் இந்த மாதத்தின் அதே வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஐந்தாவது வாரம் நம் நபருக்குப் பொறுமை போகிறது. இரவு சாதத்தை நிறுத்திவிட்டு, தினமும் 45 நிமிடம் டிரெட்மில்லையும் சேர்க்கிறார். வாரச் சராசரி 67.4-க்கு விழுகிறது, ஒரே வாரத்தில் 700 கிராம். மெஷினை மட்டும் பார்த்தால் இது வெற்றி. ஆனால் அவருடைய பயிற்சி நோட்டு வேறு கதை சொல்கிறது. நாலு வாரமாக 90 கிலோ ஸ்குவாட்டை மூன்று செட்டிலும் 8, 8, 8 என்று அடித்தவர், இப்போது 8, 7, 6 அடிக்கிறார். அடுத்த முறை 7, 5, 5.

ஒரு நாள் ரெப்ஸ் குறைவது சகஜம். தூக்கம் கெட்டிருக்கலாம், ஆபீஸில் டென்ஷன் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே பயிற்சி தொடர்ந்து இரண்டு முறை குறைந்து, அதோடு வேறொரு பெரிய பயிற்சியும் குறைந்தால், பற்றாக்குறை அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். தசை குறைவது கண்ணாடியில் தெரிய பல வாரம் ஆகும். நோட்டில் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அவர் இரவுச் சாதத்தைத் திரும்பச் சேர்க்கிறார், டிரெட்மில்லை நிறுத்துகிறார், ஆறாவது வாரம் முழுவதும் 2,500 கலோரி சாப்பிடுகிறார். எடை 67.8-க்கு ஏறுகிறது. ஏறியது நீரும் தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தும்தான். ஸ்குவாட் 8, 8, 7-க்குத் திரும்புகிறது. ஏழாவது வாரத்திலிருந்து மறுபடி 2,100. சராசரிகள் 67.3, 67.0, 66.7, 66.4. பத்தாவது வாரத்தில் இலக்கு எட்டப்படுகிறது. ஒரு வாரம் 'வீணானது' போலத் தெரியும். உண்மையில் அந்த ஒரு வாரம்தான் மீதி நான்கு வாரத்தையும் சாத்தியமாக்கியது.

ஜிம்மில் எதை மாற்றக்கூடாது?

"கட்டிங்னா லைட் வெயிட், ஹை ரெப்ஸ் ப்ரோ." தமிழ்நாட்டு ஜிம்களில் இன்னும் ஒழியாத அறிவுரை இது. எடையைக் குறைத்து 20, 25 ரெப்ஸ் அடித்தால் தசையில் 'கட்' விழும் என்று நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. கோடு தெரிவது மேலே உள்ள கொழுப்பு குறைவதால்தான். சாப்பாடு குறைவாக வரும் நேரத்தில், இந்தத் தசை தேவைப்படுகிறது என்று உடம்புக்குச் சொல்லும் ஒரே விஷயம் அது தினமும் சுமக்கும் பாரம். அந்தப் பாரத்தையும் எடுத்துவிட்டால் தசையை வைத்துக்கொள்ள உடம்புக்குக் காரணமே இல்லை.

ஆகவே டயட் தொடங்கும் நாளில் பயிற்சியில் எதையும் மாற்றாமல் இருப்பதே சிறந்த முடிவு. நம் உதாரண நபர் மார்புக்கு வாரம் 12 செட், முதுகுக்கு 14 செட் செய்துவந்தார் என்றால் அதே எண்ணிக்கை, அதே எடை. புதிதாகக் கூட்டவும் வேண்டாம். டயட்டோடு சேர்த்து 'வெறித்தனமா' பயிற்சியைக் கூட்டுவது இன்னொரு பொதுவான தவறு. குறைந்த சாப்பாட்டில் உடம்பு மீண்டு வரும் திறனும் குறைவு என்பதால் அந்தக் கூடுதல் செட்கள் சோர்வை மட்டுமே சேர்க்கும்.

ரெப்ஸ் விழ ஆரம்பித்தால் எதை முதலில் தொடுவது? வரிசை முக்கியம். முதலில் தூக்கத்தையும், ஜிம்முக்கு முன் சாப்பிடுவதையும் பார்க்க வேண்டும். நாளுக்கான மாவுச்சத்தில் கணிசமான பங்கைப் பயிற்சிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் வைத்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால் தினம் 100 முதல் 150 கலோரி கூட்ட வேண்டும், அல்லது நம் நபர் செய்ததுபோல ஒரு வாரம் மெயின்டெனன்ஸுக்குப் போக வேண்டும். அதற்கும் பிறகுதான் செட்டைக் குறைப்பது. அப்போதும் சின்னப் பயிற்சிகளின் செட்டைத்தான் முதலில் வெட்ட வேண்டும், உதாரணமாக ஃப்ளை, கேபிள், நாலாவது வகை பைசெப்ஸ் கர்ல். பாரில் உள்ள எடை கடைசி வரை நிற்க வேண்டும்.

செட் குறைந்தால் தசை கரைந்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தூக்கும் எடையை அப்படியே வைத்துக்கொண்டு பயிற்சி அளவை மூன்றில் ஒரு பங்காகவும் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைத்துப் பார்த்தார்கள். இளைஞர்களின் தசை அளவு 8 மாதம் வரை பெரிதாகக் குறையவில்லை. அவர்கள் டயட்டில் இல்லை, வயிறாரச் சாப்பிட்டவர்கள் என்பதை மறக்கக்கூடாது. அதனால் ஒன்பதில் ஒரு பங்கு என்று இறங்க வேண்டாம். ஆனால் 14 செட்டை 10 ஆக்கினால் வானம் இடிந்துவிடாது.

கார்டியோ பற்றி ஒரு வார்த்தை. டயட்டில் இருப்பவர் தன்னை அறியாமலே அசைவதைக் குறைத்துவிடுவார். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், தெருமுனைக் கடைக்கும் பைக். தினம் 9,000 அடி நடந்தவர் 6,000-க்கு வந்திருப்பார், எடை ஏன் நின்றுவிட்டது என்று குழம்புவார். புதிதாக ஓடத் தொடங்குவதைவிட, தொடக்கத்தில் நடந்த அதே அடிகளை போனில் பார்த்துத் தக்கவைப்பதே போதும். நடப்பது ஸ்குவாட்டைக் கெடுக்காது, ஓட்டம் கெடுக்கலாம்.

பசியை என்ன செய்வது?

ஒல்லியான உடம்பில் டயட்டின் மிகக் கடினமான பகுதி இதுதான். கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், கிடங்கில் இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கிறது. இருப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், மூளை பசியைக் கூட்டும். இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மினசோட்டா ஆய்வில் இருந்த இளைஞர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்தவர்களும் உண்டு. மெதுவாகக் குறைத்தால் பசி இல்லாமல் போகாது. சமாளிக்கும் அளவில் இருக்கும்.

முதல் ஆயுதம் புரோட்டீன். எடைப் பயிற்சி செய்யும், கொழுப்பு குறைவாக உள்ளவர்களுக்கு டயட் காலத்தில் கொழுப்பல்லாத எடையில் கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம் வரை ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். நம் நபரின் 60 கிலோவுக்கு 140 கிராமில் தொடங்கினால் போதும். இதை நம்மூர்ச் சாப்பாட்டில் வைப்பது நினைப்பதைவிட எளிது, ஆனால் திட்டம் வேண்டும். காலையில் 3 இட்லி, சாம்பார், 3 முட்டை என்றால் 28 கிராம் கிடைக்கும். மதியம் 200 கிராம் சாதம், 150 கிராம் சிக்கன், கீரை, ரசம், ஒரு கப் தயிர் என்றால் 45 கிராம். ஜிம்முக்கு முன் ஒரு வாழைப்பழமும் ஒரு ஸ்கூப் வே புரோட்டீனும், இரவு 150 கிராம் மீன், இரண்டு சப்பாத்தி, பொரியல், இடையில் ஒரு கிண்ணம் சுண்டல். 140 வந்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பை மட்டும் நம்பினால் கணக்கு உதைக்கும். ஒரு கப் வெந்த பருப்பில் 8, 9 கிராம் புரோட்டீன்தான், கூடவே மாவுச்சத்தும் வரும். மீல் மேக்கர் இங்கே கைகொடுக்கும். உலர்ந்த நிலையில் 50 கிராமில் சுமார் 26 கிராம் புரோட்டீன் இருக்கிறது. பனீரில் 100 கிராமுக்கு 18 கிராம் உண்டு, ஆனால் கொழுப்பும் கலோரியும் அதிகம் என்பதால் அளந்துதான் போட வேண்டும்.

இரண்டாவது, அதே கலோரியில் வயிற்றை அதிகம் நிரப்பும் உணவு. 1995-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது அதிகம் பசி அடக்குகிறது என்று பார்த்தார்கள். முதலிடம் பிடித்தது வேகவைத்த உருளைக்கிழங்கு. டயட் என்றதும் முதலில் தட்டிலிருந்து தூக்கப்படுவதும் பாவம் அதுதான்! பிரச்சினை கிழங்கில் இல்லை, அதை வறுக்கும் எண்ணெயில் இருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. தோசைக்கும் பொரியலுக்கும் கண்ணளவில் ஊற்றினால், நம் நபரின் 385 கலோரி பற்றாக்குறை மூன்றே கரண்டியில் காலி. "நான் கம்மியாத்தான் சாப்பிடறேன், ஆனா குறைய மாட்டேங்குது" என்பவர்களின் வீட்டில் முதலில் அளக்க வேண்டியது எண்ணெய். அடுத்தது, ஆபீஸில் கணக்கில் வராமல் போகும் நாலு பால் டீ.

கொழுப்பை ஒரேயடியாக வெட்டிவிடவும் கூடாது. ஹார்மோன்களுக்கு அது தேவை. நம் நபருக்கு நாளுக்கு 50 கிராம் அளவில் கொழுப்பு இருக்கட்டும். மீதிக் கலோரி முழுவதையும் மாவுச்சத்துக்கு விடலாம். சாதத்தை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை, ஸ்குவாட்டுக்கு எரிபொருளே அதுதான்.

மூன்றாவது, அந்த ஒரு வார இடைவேளை. இடைவேளை எடுத்தால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று சமூக வலைத்தளங்களில் சொல்வது உண்டு. எடைப் பயிற்சி செய்பவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த, 2021-ல் வெளியான ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. தொடர்ந்து 12 வாரம் டயட் இருந்தவர்களுக்கும், அதே 12 வாரத்தை நடுநடுவே ஒரு வார இடைவேளைகளோடு செய்தவர்களுக்கும் கொழுப்புக் குறைவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இடைவேளை எடுத்தவர்களுக்குப் பசியும் சாப்பிடும் ஏக்கமும் குறைவாக இருந்தன. அந்தப் பலனே போதும். இடைவேளை என்றால் மெயின்டெனன்ஸ் அளவு, பஃபே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூக்கமும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. 2010-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அதிக எடை கொண்ட 10 பேர் ஒரே அளவு டயட்டை இரண்டு முறை இருந்தார்கள். ஒரு முறை படுக்கையில் எட்டரை மணி நேரம், இன்னொரு முறை ஐந்தரை மணி நேரம். குறைந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது 14 நாளில் போன கொழுப்பு 1.4 கிலோவிலிருந்து 0.6 கிலோவாகக் குறைந்தது, மீதி கொழுப்பல்லாத எடையிலிருந்து போனது. பசியும் கூடியது. நைட் ஷிஃப்டில் இருப்பவர்கள் கட்டிங் தொடங்கும் முன் இந்த ஒன்றையாவது சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

10 சதவீதத்துக்குக் கீழே போவது வேறு உலகம். மருந்து எடுக்காத ஒரு பாடிபில்டரை ஒரு வருடம் முழுக்கக் கண்காணித்த அமெரிக்க ஆய்வு 2013-ல் வெளியானது. போட்டிக்காக 6 மாதத்தில் அவர் 14.8 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதத்துக்கு இறங்கினார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 53-லிருந்து 27 ஆனது. டெஸ்டோஸ்டிரோன் 9.22-லிருந்து 2.27 நானோகிராமுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்குக்கு விழுந்தது. மனநிலையும் மோசமானது. போட்டிக்குப் பிறகு கொழுப்பு பழைய அளவுக்குத் திரும்பியபோது ஹார்மோனும் திரும்பியது. மேடையில் பளபளக்கும் உடம்பு சில நாட்களுக்கானது, வருடம் முழுக்க வைத்துக்கொள்ளக்கூடியது அல்ல.

சாதாரண ஆள் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் உடம்பு முன்கூட்டியே சைகை கொடுக்கும். வெயில் காலத்திலும் கை கால் சில்லிட்டுக் கிடப்பது, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, பாலுறவில் ஆர்வம் குறைவது, ஆண்களுக்குக் காலை விறைப்பு நின்றுபோவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல். இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, ஒரு வாரம் மெயின்டெனன்ஸில் இருந்தும் போகவில்லை என்றால், இலக்கு எட்டியதோ இல்லையோ டயட்டை முடித்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்குச் சைகை இன்னும் வெளிப்படையானது. மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ, உடலின் அடிப்படை வேலைகளுக்கே ஆற்றல் போதவில்லை என்பதன் அடையாளம். "ஜிம் போறதால அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் எலும்பின் அடர்த்தி வரை பாதிக்கும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்களைவிடப் பெண்களின் உடம்பில் இயல்பாகவே கொழுப்பு அதிகம் இருக்க வேண்டும் என்பதால், இந்தக் கட்டுரையின் 10 சதவீத இலக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சாப்பாடு தொடர்பான மனநலப் பிரச்சினை இருந்தவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. கடைசி 2 கிலோவுக்கு என்று ஜிம்மில் கைமாறும் 'ஃபேட் பர்னர்' மாத்திரைகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. க்ளென்பியூட்டரால் இதயத் துடிப்பைக் குலைக்கக் கூடியது, டிஎன்பி உயிரையே எடுத்திருக்கிறது.

டயட் முடிந்த மறுநாள் என்ன சாப்பிடுவது?

நம் நபர் பத்தாவது வாரம் 66.4 கிலோவில் நிற்கிறார். இப்போது அவருடைய மெயின்டெனன்ஸ் பழைய 2,500 இல்லை. உடம்பு சின்னதாகியிருக்கிறது, அசைவும் சற்றுக் குறைந்திருக்கும். 2,350 அல்லது 2,400-ல் தொடங்கி, இரண்டு வாரச் சராசரியைப் பார்த்துச் சரிசெய்யலாம். அந்த முதல் வாரத்தில் எடை அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஏறும், அதுவும் நீர்தான். இதைப் பார்த்துப் பதறி மறுபடி சாப்பாட்டை வெட்டுபவர்களும் உண்டு, "முடிஞ்சிடுச்சு" என்று ஒரு மாதம் அளவில்லாமல் சாப்பிடுபவர்களும் உண்டு. பசி உடனே அடங்காது, சில வாரங்கள் டயட்டில் இருந்தது போலவே இருக்கும். எனவே புரோட்டீன் அளவையும், எண்ணெய் அளக்கும் கரண்டியையும் இன்னும் ஒரு மாதத்துக்கு எடுத்து வைக்காமல் இருப்பது நல்லது. கூட்டும் கலோரியை முதலில் ஜிம்முக்கு முன்பும் பின்பும் உள்ள சாப்பாட்டில் சேர்த்தால், ஸ்குவாட்டில் அந்த எட்டாவது ரெப் எப்போது திரும்புகிறது என்பது நோட்டிலேயே தெரியும்.